மொட்டை மாடியில் ஒரு கம்பம் ஏறினால்

இடிதாங்கி என்றதும் நம் மனதில் வருவது கட்டட உச்சியில் நிற்கும் ஒரு செம்புக் கம்பி. அது மின்னலைப் பிடிக்கும், பூமிக்கு அனுப்பிவிடும், கதை முடிந்தது என்று நினைக்கிறோம். கட்டடத்துக்கு எத்தனை பாதுகாப்பு தேவை என்று முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும் என்பதும், பிடித்த மின்னலைக் கீழே இறக்குவதுதான் பெரிய வேலை என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. கட்டி முடித்த பிறகு மாடியில் ஏற்றும் ஏசி எந்திரமும் தண்ணீர்த் தொட்டியும் செல்போன் கம்பமும் அந்தக் கணக்கையே மாற்றிவிடும் என்பதை, தெரிந்திருக்க வேண்டியவர்கள்கூட மறந்துவிடுகிறார்கள். அந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்பதை ஒரு கட்டடத்தை வைத்துப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டின் ஏதோ ஒரு நகரத்தில் 16 மாடி ஓட்டல் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீளம் 40 மீட்டர், அகலம் 20 மீட்டர், மொட்டை மாடி வரை உயரம் 50 மீட்டர். மாடியின் நடுவில் லிஃப்ட் அறையும் அதன் தலையில் தண்ணீர்த் தொட்டியும் இருக்கின்றன. தொட்டியின் உச்சி தரையிலிருந்து 56 மீட்டர். ஒரு பக்கத்தில் 4 மீட்டர் உயரமுள்ள கூலிங் டவர். அதிலிருந்து இரண்டு பெரிய இரும்புக் குழாய்கள் கட்டடத்தின் உள்ளே இறங்கி அடித்தளத்திலுள்ள சில்லர் எந்திரத்துக்குப் போகின்றன.

இந்தியாவில் இப்போது இந்தக் கணக்குக்கு அடிப்படை IS/IEC 62305 என்ற தரநிலை. முன்பு இருந்த IS 2309 பல பழைய கட்டடங்களின் வரைபடங்களில் இன்னும் காணப்படும். புதிய தரநிலையின் இரண்டாம் பாகம் முழுக்க முழுக்க ஆபத்தைக் கணக்கிடுவதற்கானது. உலக அளவில் 2024இல் அடுத்த பதிப்பும் வந்துவிட்டது. நான் இங்கே போடும் கணக்கு 2010ஆம் ஆண்டுப் பதிப்பின் முறை.

முதல் கேள்வி, இந்தக் கட்டடத்தை மின்னல் எத்தனை முறை தாக்கும்? உயரமான கட்டடம் தன் மேல் நேராக விழவரும் மின்னலை மட்டும் வாங்குவதில்லை. பக்கத்தில் விழ இருந்ததையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. தன் உயரத்தைப் போல மூன்று மடங்கு தூரம் வரை எல்லாத் திசையிலும் அது மின்னலை வாங்கும் என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது தரநிலை. 50 மீட்டர் கட்டடம் என்றால் சுவரிலிருந்து 150 மீட்டர். அப்படி வரையும்போது 800 சதுர மீட்டரில் நிற்கும் நம் ஓட்டல் 89,486 சதுர மீட்டர் பரப்பில் விழும் மின்னலை வாங்குகிறது. நம் அளவில் சொன்னால் 22 ஏக்கர்.

நடுவில் துருத்தி நிற்கும் தொட்டிக்குத் தனிக் கணக்கு உண்டு. அதன் உச்சி உயரத்தின் மூன்று மடங்கை ஆரமாக வைத்து ஒரு வட்டம் போட வேண்டும். இரண்டில் எது பெரிதோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். 56 மீட்டருக்கு வட்டம் 88,668 சதுர மீட்டர் வருகிறது. முதலில் வந்த 89,486ஐவிடச் சற்றே குறைவு. ஆகவே தொட்டியால் கணக்கு மாறவில்லை.

அந்த ஊரில் ஆண்டுக்கு 40 நாள் இடி கேட்கிறது என்று கொள்வோம். இடிநாளில் பத்தில் ஒரு பங்கை ஒரு சதுர கிலோமீட்டருக்கு விழும் மின்னலின் எண்ணிக்கையாக எடுப்பது வழக்கம். அப்படியானால் 4. சுற்றிலும் இதே உயரமோ குறைவோ உள்ள கட்டடங்கள் இருப்பதால் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். விடை ஆண்டுக்கு 0.179. சுமார் ஐந்தரை ஆண்டுக்கு ஒரு தடவை இந்த ஓட்டல் மேல் மின்னல் விழும்.

இரண்டாவது கேள்வி, விழுந்தால் என்ன நஷ்டம்? தரநிலை இதை உயிரை வைத்து அளக்கிறது. ஓட்டலில் தங்குகிறவர்களுக்கு வழி தெரியாது, இரவில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். எனவே ஓட்டல், மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றுக்கு அலுவலகக் கட்டடத்தைப் போல ஐந்து மடங்கு எடை கொடுக்கப்படுகிறது. நூறு பேருக்கு மேல் இருக்கும் கட்டடத்தில் ஏற்படும் பீதிக்கு இன்னொரு ஐந்து மடங்கு. தீப்பிடிக்கக்கூடிய பொருள்கள் சாதாரண அளவில் இருப்பதாக வைத்து நூறில் ஒரு பங்கு. கடைசியாகத் தீத்தடுப்பு ஏற்பாடு. சுவரில் மாட்டிய தீயணைப்பான் மட்டும் இருந்தால் ஆபத்து பாதியாகும். தானாக இயங்கும் தெளிப்பான் இருந்தால் ஐந்தில் ஒன்றாகும்.

தண்ணீர்த் தெளிப்பானுக்கும் மின்னலுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். மின்னலால் கட்டடத்தில் சாவு நேர்வதற்கு முக்கிய வழி தீ. அதனால் தீயை அடக்குவதும் மின்னல் பாதுகாப்பின் ஒரு பகுதிதான். தானியங்கித் தீ எச்சரிக்கையை வைத்தும் இதே சலுகையைப் பெறலாம். அதற்கு மட்டும் ஒரு நிபந்தனை: எச்சரிக்கைக் கருவி மின்னலின் மின்னழுத்தத்தில் கருகாதபடி காக்கப்பட்டிருக்க வேண்டும், தீயணைப்பு வண்டி பத்து நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும். மாலை நேரப் போக்குவரத்தில் பத்து நிமிடம் என்பதை எத்தனை ஊர்களில் உறுதியாகச் சொல்ல முடியும்? இந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளும் பொறியாளர் தீயணைப்பு நிலையத்திலிருந்து அந்தச் சாலையில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுத்தான் எண்ணை எழுத வேண்டும். நம் ஓட்டலில் தெளிப்பான் இருக்கிறது என்று கொள்வோம்.

எல்லாவற்றையும் பெருக்கினால், இடிதாங்கி எதுவும் இல்லாத நிலையில் ஆண்டுக்கு லட்சத்தில் 17.9 என்ற ஆபத்து வருகிறது. ஏற்கத்தக்கது லட்சத்தில் 1. இடிதாங்கி அமைப்புகளை நான்கு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். நான்காம் வகுப்பு ஆபத்தை ஐந்தில் ஒன்றாக்கும், மூன்றாம் வகுப்பு பத்தில் ஒன்றாக்கும், இரண்டாம் வகுப்பு இருபதில் ஒன்றாக்கும், முதல் வகுப்பு ஐம்பதில் ஒன்றாக்கும். இரண்டாம் வகுப்பைப் போட்டால் லட்சத்தில் 0.9. மின்சார, தொலைபேசிக் கம்பிகள் வழியாக வரும் சிறு ஆபத்துகளை இங்கே தனியே வைத்துவிட்டேன். அவற்றுக்குரிய மின்னெழுச்சித் தடுப்பான்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டால் இரண்டாம் வகுப்பு போதும். வரைபடம் தயாராகி, வேலையும் முடிந்துவிட்டது.

இரண்டு ஆண்டு கழித்துத் தொட்டியின் தலையில் 4 மீட்டர் உயரமுள்ள செல்போன் கம்பம் ஒன்று ஏறுகிறது. மாத வாடகை வருகிறது, யாருக்கும் மறுப்பு இல்லை. இப்போது உச்சி 60 மீட்டர். வட்டத்தை மறுபடி போட்டால் 1,01,788 சதுர மீட்டர். கட்டடத்தின் 89,486ஐ அது தாண்டிவிட்டது. நான்கு மீட்டர் இரும்புக் குழாய் ஒன்று மூன்று ஏக்கர் மின்னலைக் கூடுதலாகக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆபத்து லட்சத்தில் 20.4 ஆகிறது. இரண்டாம் வகுப்புப் பாதுகாப்பில் 1.02. எல்லையைத் தாண்டிவிட்டது.

0.9க்கும் 1.02க்கும் உள்ள வித்தியாசம் பெரிதல்ல. இடிநாள் 40 என்பதே தோராயம்தான். அதனால் இந்தத் தசமத்தை யாரும் அப்படியே நம்பத் தேவையில்லை. ஆனால் வடிவமைப்பு எல்லைக்கோட்டின் மேல் நின்றுகொண்டிருந்தது என்பதைக் கணக்கு காட்டிவிட்டது. ஓட்டலில் நூற்றுக்கணக்கானோர் தூங்கும்போது எல்லைக்கோட்டில் நிற்கக்கூடாது. முதல் வகுப்புக்குப் போனால் 0.4, நிம்மதி. சிக்கல் என்னவென்றால், வகுப்பை மாற்றியதும் மாடியில் ஏற்கெனவே நிற்கும் கம்பிகள் எல்லாம் மறுபரிசீலனைக்கு வருகின்றன.

அதற்கு முன், பிடித்த மின்னல் எப்படி இறங்குகிறது என்று பார்த்துவிடுவோம். மின்பணியாளர்கள் டவுன் கண்டக்டர் என்று சொல்லும் இறங்கு கடத்திகள்தான் அந்த வழி. தடித்த செம்புப் பட்டை ஒன்றைக் கீழே விட்டால் போதாதா என்ற கேள்வி எல்லோரும் கேட்பது. செம்பின் மின்தடை மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் மின்னலுக்கு மின்தடை முக்கியமல்ல, மின்னோட்டம் ஏறும் வேகம்தான் முக்கியம். முதல் வகுப்பில் கணக்கில் எடுக்கும் மிக வேகமான மின்னல் ஒரு மைக்ரோ விநாடிக்கு 2 லட்சம் ஆம்பியர் என்ற வேகத்தில் ஏறும். நேரான கம்பி எதுவானாலும் அந்த வேகத்தை எதிர்க்கும். அதனால் ஒரே கம்பியில் அது இறங்கினால், கம்பியின் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 2 லட்சம் வோல்ட் உண்டாகும். பத்து மீட்டருக்கு 20 லட்சம். அந்த அழுத்தத்தில் மின்னல் கம்பியிலேயே போய்க்கொண்டிருக்காது. பக்கத்தில் ஏதாவது குழாயோ கேபிளோ இருந்தால் சுவரைத் துளைத்துக்கொண்டு அதில் தாவும். செம்பைத் தடிமனாக்கினாலும் இந்த எதிர்ப்பு பெரிதாகக் குறையாது. கம்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் குறையும். பன்னிரண்டு கம்பிகளில் சமமாகப் பிரிந்தால் மீட்டருக்கு 17,000 வோல்ட் அளவுக்கு வந்துவிடும். உண்மையில் சமமாகப் பிரியாது, அடிபட்ட இடத்துக்கு அருகில் உள்ளது அதிகம் சுமக்கும். ஆனாலும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

பன்னிரண்டு என்ற எண் சுற்றளவிலிருந்து வருகிறது. முதல் இரண்டு வகுப்புகளிலும் இறங்கு கடத்திகளுக்கு இடையே 10 மீட்டர், மூன்றாவதில் 15, நான்காவதில் 20. நம் ஓட்டலின் சுற்றளவு 120 மீட்டர். நான்கு மூலைக்கு நான்கு, நீளப் பக்கம் ஒவ்வொன்றிலும் இடையில் மூன்று, அகலப் பக்கம் ஒவ்வொன்றிலும் நடுவில் ஒன்று. மூலைகளை விடக்கூடாது, ஏனென்றால் மின்னல் முதலில் தேடுவது மூலையைத்தான். தூண்கள் சரியாகப் பத்து மீட்டரில் அமையாவிட்டால் சில இடைவெளி கொஞ்சம் கூடலாம், கொஞ்சம் குறையலாம். சராசரி மாறக்கூடாது.

நல்லவேளையாக, ஓட்டல் கட்டப்பட்டபோது தூண்களின் முறுக்குக் கம்பிகளையே இறங்கு கடத்திகளாகப் பயன்படுத்தியிருந்தார்கள். கான்கிரீட் போடும் முன்பே பன்னிரண்டு தூண்களிலும் கம்பிகளை அடி முதல் நுனி வரை கிளாம்ப் போட்டோ வெல்டிங் செய்தோ இணைத்து, ஒவ்வொரு பத்து மீட்டர் உயரத்துக்கும் சுற்றிலும் ஒரு வளையம் கொடுத்து, கீழே அடித்தளக் கம்பிகளையே பூமித் தொடர்பாக ஆக்கிவிடும் முறை இது. வெளியில் பட்டை தெரியாது, திருடு போகாது. வெளியே நிற்கும் ஒருவர் ஒரே பட்டையைத் தொட்டு அடிபடும் அபாயமும் பெரிதும் குறைகிறது. இதற்கு ஒரு சோதனை உண்டு: உச்சியிலிருந்து தரைமட்டம் வரை அளந்தால் மொத்த மின்தடை 0.2 ஓமுக்கு மேல் போகக்கூடாது. இதை மறந்துவிட்டுப் பூச்சு வேலை முடித்துவிட்டால், கம்பி எங்கே விட்டுப்போனது என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அப்போது வெளிப்புறச் சுவரில் பன்னிரண்டு பட்டைகளை இறக்குவதைத் தவிர வேறு வழி இல்லை. அப்படி இறக்கும்போது பட்டையை லிஃப்ட் குழிக்குள்ளோ மழைநீர்க் குழாய்க்குள்ளோ விடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. வசதிதான், ஆனால் மின்னலைக் கட்டடத்தின் வயிற்றுக்குள் வரவேற்பது அது.

இனி மாடிக்கு வருவோம். கூலிங் டவரின் நான்கு மூலைகளையும் ஒட்டி, பத்து மீட்டர் சதுரமாக நான்கு இடிதாங்கிக் கம்பிகள் நிற்கின்றன. உயரம் 5 மீட்டர். டவர் 4 மீட்டர்தானே, ஒரு மீட்டர் மிச்சம் இருக்கிறது என்று தோன்றும். இங்கே உருளும் கோளம் என்ற முறை வருகிறது. குறிப்பிட்ட ஆரமுள்ள பெரிய பந்து ஒன்றைக் கட்டடத்தின் மேல் எல்லாப் பக்கமும் உருட்டுவதாகக் கற்பனை செய்ய வேண்டும். பந்து தொடும் இடமெல்லாம் மின்னல் விழக்கூடிய இடம். பந்து கம்பி நுனிகளில் தங்கி நிற்கும்போது அதன் அடிப்பாகம் நடுவில் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் கேள்வி. இரண்டாம் வகுப்பில் பந்தின் ஆரம் 30 மீட்டர். நான்கு கம்பிகளின் நடுவில் அது 85 சென்டிமீட்டர் இறங்கும். 4 மீட்டர் டவருக்கு மேல் 15 சென்டிமீட்டர் மிச்சம். சரியாக இருந்தது.

முதல் வகுப்பில் பந்தின் ஆரம் 20 மீட்டர். சின்னப் பந்து ஆழமாக இறங்கும், 1.29 மீட்டர். இப்போது 5 மீட்டர் கம்பி போதாது. பந்து டவரின் விசிறி மேல் உட்கார்ந்துவிடும். கம்பியை ஐந்தரை மீட்டராவது ஆக்க வேண்டும்.

உயரம் மட்டும் பிரச்சினையில்லை, இடைவெளியும் உண்டு. மின்னல் கம்பியில் இறங்கும் நேரத்தில் பக்கத்தில் இருக்கும் டவருக்குத் தாவாமலிருக்க ஒரு குறைந்தபட்சத் தூரம் வேண்டும். வகுப்புக்கு ஒரு எண், மின்னோட்டம் எத்தனை வழியில் பிரிகிறது என்பதற்கு ஒரு எண், மின்னல் அந்த இடத்திலிருந்து அடுத்த சமநிலை இணைப்பு வரை பயணம் செய்யும் நீளம் — மூன்றையும் பெருக்கினால் அந்தத் தூரம் வரும். நம் ஓட்டலில் மாடி மட்டத்திலேயே முறுக்குக் கம்பிகளோடு இணைப்பு இருப்பதால் நீளம் 15 மீட்டர்தான். இரண்டாம் வகுப்பில் 0.06, 0.44, 15 ஆகியவற்றைப் பெருக்கினால் 40 சென்டிமீட்டர். கம்பிகள் டவரிலிருந்து 45 சென்டிமீட்டர் தள்ளி நிற்கின்றன, அன்றைக்குப் போதும். முதல் வகுப்பில் 0.06 என்பது 0.08 ஆகிறது. தேவையான தூரம் 53 சென்டிமீட்டர். ஆக, கம்பி குட்டையாகவும் இருக்கிறது, நெருக்கமாகவும் இருக்கிறது.

இந்தப் பெருக்கலில் கவனிக்க வேண்டியது அந்த 15 மீட்டர். மாடியில் சமநிலை இணைப்பு இல்லாமல், வெளிப்புறப் பட்டைகள் தரையில் மட்டும் இணைக்கப்பட்டிருந்தால் நீளம் 65 மீட்டர் ஆகியிருக்கும். தூரம் 2.3 மீட்டர். நடுவில் காற்று இல்லாமல் செங்கல் சுவர் இருந்தால் அதுவும் இரு மடங்கு. குழாயும் கேபிள் தட்டும் நிரம்பிய ஓட்டல் மாடியில் அவ்வளவு இடத்தை யாராலும் விட முடியாது. அப்படியானால் மின்னலின் ஒரு பகுதி கூலிங் டவர் குழாயில் தாவி, நேராக அடித்தளச் சில்லருக்குப் போய்ச் சேரும். மாடியில் விழுந்த மின்னலால் அடித்தளத்தில் எந்திரம் கருகியது என்று கேள்விப்பட்டால், நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

செல்போன் கம்பத்தைப் பற்றி ஓட்டல் மாடியில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

“சார், டவர் கம்பெனிக்காரங்க தனியா ரெண்டு எர்த் பிட் போட்டு, தனிப் பட்டை இறக்கிட்டாங்க. நம்ம லைனைத் தொடவே இல்லை. நமக்கு ஒரு தொந்தரவும் இல்லை.”

“தொடாம விட்டதுதாண்ணே தொந்தரவு. அவங்க எர்த் பிட் எத்தனை ஓம்?”

“பத்துக்குள்ள இருக்கு சார், அளந்து பாத்தாச்சு.”

பத்து ஓம் மண்ணுக்கு மோசமான அளவல்ல. ஆனால் அந்தப் பட்டையில் 30,000 ஆம்பியர் இறங்கினால், அது சாதாரண மின்னல்தான், அந்தப் பூமித் தொடர்பு ஒரு கணம் 3 லட்சம் வோல்ட்டுக்கு உயரும். பக்கத்தில் இருக்கும் ஓட்டலின் பூமித் தொடர்பு அப்படியே கிடக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர், கேபிள், மனிதர் யாராக இருந்தாலும் அந்த வித்தியாசத்தை ஏற்க வேண்டும். இரண்டையும் சேர்த்துவிட்டால் எல்லாம் ஒன்றாக உயர்ந்து ஒன்றாக இறங்கும். மின்னல் பாதுகாப்பில் தனி எர்த் என்பது பாதுகாப்பல்ல. கம்பத்தின் அடியை மாடி வலையோடு இணைக்க வேண்டும், அதன் கேபிள்களை உலோகக் குழாயில் விட்டுக் குழாயின் இரு முனையையும் இணைக்க வேண்டும், கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் மின்னல் பங்கைத் தாங்கும் தடுப்பான் வைக்க வேண்டும். ஆனால் என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றுக்கும் முன்பு கம்பத்தைத் தொட்டியின் தலையிலிருந்து இறக்கி மாடி மட்டத்தில், இடிதாங்கிகளின் பாதுகாப்புக்குள் நிறுத்த முடியுமா என்று கேட்பேன். உச்சி மறுபடி 56 மீட்டருக்கு வந்தால், மூன்று ஏக்கரும் போய்விடும்.

அது முடியாது என்று வாடகைக்கு எடுத்தவர்கள் சொல்லிவிட்டால் வேலைப் பட்டியல் தெளிவு. பன்னிரண்டு இறங்கு கடத்திகளும் அப்படியே இருக்கும், முதல் வகுப்புக்கும் 10 மீட்டர்தான். சுற்று வளையங்களையும் தொட வேண்டாம். மாடியின் மேல் விரித்த வலையின் கண் 10 மீட்டரிலிருந்து 5 மீட்டராகக் குறைய வேண்டும். டவரைச் சுற்றியுள்ள நான்கு கம்பிகளும் உயர்ந்து, 53 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். இந்த இடத்தில் வியாபாரிகள் சிலர் ஒரு குறுக்குவழியோடு வருவதுண்டு: தலையில் மின்னணுக் கருவி பொருத்திய ஒரே கம்பி, நூறு மீட்டர் சுற்றளவுக்குப் பாதுகாப்பு, வலையும் வேண்டாம், மற்ற கம்பிகளும் வேண்டாம். IS/IEC 62305 இதை ஏற்பதில்லை. கம்பி எவ்வளவு உயரம், எங்கே நிற்கிறது என்ற உண்மையான அளவை மட்டும்தான் அது கணக்கில் எடுக்கும்.

வேலை முடிந்தபின் கவனிக்க வேண்டியது மாடியில் வேறு வேலைக்கு வருகிறவர்களை. நீர்க்கசிவுப் பூச்சு அடிக்க வருகிறவர்கள் வலைப் பட்டையைப் பெயர்த்துச் சுருட்டி ஓரத்தில் வைப்பார்கள், திரும்பப் பதிக்கும்போது இரண்டு இணைப்பை விட்டுவிடுவார்கள். அலுமினியப் பட்டையும் செம்புப் பட்டையும் சேரும் இடத்தில் இடையே தகடு வைக்காமல் முறுக்கிவிட்டால் மழைக்காலத்தில் அரித்துப்போகும். கண்ணுக்குப் பட்டை இருப்பது போலவே தெரியும், கையால் அசைத்தால் ஆடும். முதல் இரண்டு வகுப்புகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை கண்பார்வைச் சோதனை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழு அளவீடு என்கிறது தரநிலை. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் வைத்துக்கொள்வது நல்லது. சோதிக்க வருகிறவர் கையில் இரண்டு தாள் இருக்க வேண்டும்: சென்ற ஆண்டின் அளவீடும், மாடியில் இன்று என்னென்ன கருவி எந்த உயரத்தில் நிற்கிறது என்ற பட்டியலும். இரண்டாவது தாளில் புதிய வரி ஒன்று சேர்ந்திருந்தால், அவர் மின்தடை மானியை வெளியே எடுப்பதற்கு முன் வட்டத்தை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.